கல்லூரிகளுக்கு இடையிலான தமிழ் விவாதப் போட்டி: அணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் நடத்தும் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் அணிகளுக்காக எழுதியது இது. தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், பொன்னேரி என்று பல பக்கங்களிலிருந்தும் அணிகள் வருகின்றன. பலருக்கு இதுதான் முதல் போட்டி. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

பட்டிமன்றம் பேசிப் பழக்கம் இருக்கு. இது வேற மாதிரியா?

வேறுதான். பட்டிமன்றத்தில் எந்தப் பக்கம் பேசப்போகிறோம் என்பது பல நாள் முன்பே தெரியும். நடுவர் ஒவ்வொருவர் பேசி முடித்ததும் இடையில் பேசுவார், கலகலப்பாக்குவார், கடைசியில் இரண்டு பக்கமும் மனம் கோணாதபடி ஒரு தீர்ப்பு சொல்லி முடிக்கலாம். இங்கே எந்தப் பக்கம் என்பதை முடிவு செய்வது நாணயச் சுண்டல். தலைப்பு அரை மணி நேரம் முன்புதான் கைக்கு வரும். பேச்சு நடக்கும்போது நடுவர் வாயே திறக்க மாட்டார், குறிப்பு எடுத்துக்கொண்டே இருப்பார். அறையில் பேசப்பட்டதை மட்டும் வைத்துத்தான் அவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஒரு அணி ஜெயிக்கும், இன்னொன்று தோற்கும், சமன் கிடையாது.

பட்டிமன்றத்தில் வந்த குரல் வளம், நிறுத்தி நிதானித்துச் சொல்வது, சபைக் கூச்சம் இல்லாமை எல்லாம் இங்கேயும் கைகொடுக்கும். புதிதாகப் பழக வேண்டியது ஒன்றுதான். எதிராளி இப்போது சொன்னதற்கு இப்போதே, அவர் சொன்ன அதே விஷயத்துக்கே பதில் சொல்வது.

எந்த ஃபார்மட்? டீமுக்கு எத்தனை பேர், யாருக்கு அப்புறம் யார் பேசணும்?

ஆசிய நாடாளுமன்ற முறை. இரண்டு அணிகள், அணிக்கு மூன்று பேர். 2014 உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டி நம் சென்னையில் நடந்தது. அது பிரிட்டிஷ் முறை. அதில் ஒரே அறையில் நான்கு அணிகள் மோதும், அணிக்கு இரண்டு பேர். புதிய அணிகளுக்கு அது கொஞ்சம் தலை சுற்றும். முதலில் இரு அணி மோதலில் பழகிவிட்டால் அப்புறம் அதற்கு மாறுவது சுலபம் என்பது என் கருத்து.

தீர்மானத்தை ஆதரித்துப் பேசுவது அரசுத் தரப்பு, மறுத்துப் பேசுவது எதிர்த் தரப்பு. அரசுத் தரப்பின் முதல் பேச்சாளர் தொடங்குவார். அடுத்து எதிர்த் தரப்பின் முதல் பேச்சாளர். இப்படியே மாறி மாறி இரண்டாம் பேச்சாளர்கள், மூன்றாம் பேச்சாளர்கள். ஆளுக்கு 7 நிமிடம். ஆறு பேரும் முடித்த பிறகு அணிக்கு ஒன்றாக இரண்டு ரிப்ளை, அதாவது விவாதத்தைத் தொகுத்துச் சொல்லும் முடிவுரை, தலா 4 நிமிடம். ரிப்ளையில் வரிசை தலைகீழ்: எதிர்த் தரப்பு முதலில், அரசுத் தரப்பு கடைசியில். ஆகவே எதிர்த் தரப்பின் மூன்றாம் பேச்சும் ரிப்ளையும் அடுத்தடுத்து வரும். விவாதத்தைத் தொடங்கிய அணியே முடித்தும் வைக்கும். ரிப்ளையை முதல் பேச்சாளரோ இரண்டாம் பேச்சாளரோ பேசலாம், மூன்றாமவர் பேசக் கூடாது.

மூணாவதா பேசுறவருக்கு என்ன வேலை? சொல்ல வேண்டியதை முன்னாடி ரெண்டு பேரும் சொல்லிடுறாங்களே.

பல அணிகள் தங்களில் சுமாரானவரை மூன்றாவதாக வைக்கின்றன. நான் அப்படி வைக்க மாட்டேன். அதுவரை அறையில் கிடக்கும் வாதங்களை எல்லாம் இரண்டு மூன்று மோதல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் யார் என்ன சொன்னார்கள், அதில் ஏன் நம் பக்கம் நிற்கிறது என்று காட்டுவது அவர் வேலை. முன்கூட்டியே எழுதி வைத்துப் படிக்க முடியாத பேச்சு அது. புதிய வாதம் கொண்டுவரக் கூடாது. ஏற்கெனவே உள்ள வாதத்துக்குப் புதிய உதாரணம் சொல்லலாம், எதிராளியின் வாதத்துக்குப் புதிய மறுப்பும் சொல்லலாம்.

தலைப்பு எப்போ தெரியும்? ரெண்டு பேருக்குமே பிடிக்காத தலைப்பு வந்தா என்ன பண்றது?

ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று தீர்மானங்கள் கொடுப்போம். எந்தத் தரப்பு என்பது சுண்டலில் முடிவானதும், இரண்டு அணிகளும் தனித்தனியாக 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதித் தர வேண்டும். மூன்றாவதாகப் போட்டது உங்கள் நிராகரிப்பு, அது போய்விடும். இரண்டு அணிகளும் வெவ்வேறு தீர்மானங்களை நிராகரித்திருந்தால் மிஞ்சுவது ஒன்றுதான், அதையே பேச வேண்டும். இருவரும் ஒன்றையே நிராகரித்திருந்தால் மீதி இரண்டு இருக்கும். அதில் இருவரின் முதல் விருப்பமும் ஒன்றானால் அது, இல்லையென்றால் மறுபடி சுண்டல்.

ஆகவே அறையில் நடக்கும் தீர்மானத்தை இரண்டு அணிகளில் ஒன்றுகூட மூன்றாவதாகப் போட்டிருக்காது. தீர்மானங்கள் எல்லாம் "இந்த அவை" என்று தொடங்கியோ, அதை நடுவில் வைத்தோ வரும். "இந்த அவை கல்லூரிகளில் கட்டாய வருகைப் பதிவை நீக்கும்" என்று வந்தால் அது ஒரு நடவடிக்கை: எப்படிச் செய்வோம் என்று அரசுத் தரப்பு சொல்லியாக வேண்டும். "இந்த அவை மதிப்பெண் போட்டியை எண்ணி வருந்துகிறது" என்று வந்தால் திட்டம் எதுவும் வேண்டாம், அது இல்லாதிருந்தால் நிலைமை நன்றாக இருந்திருக்குமா என்று மட்டும் பேசினால் போதும். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் வருந்தும் தீர்மானத்துக்குத் திட்டம் போட்டு மூன்று நிமிடத்தை வீணாக்கும் அணிகள் உண்டு.

அந்த அரை மணி நேரத்துல போன் பார்க்கலாமா? சீனியர்கிட்ட கேட்கலாமா?

இரண்டும் கூடாது. மூன்று பேர் மட்டும் கலந்து பேசலாம். கையால் எழுதிய குறிப்பும் அச்சிட்ட தாளும் கொண்டு வரலாம்.

பெல் எப்பெப்போ அடிப்பாங்க?

7 நிமிடப் பேச்சில் முதல் நிமிடம் முடிந்ததும் ஒரு மணி. 6 நிமிடம் முடிந்ததும் ஒரு மணி. 7 நிமிடம் ஆனதும் இரண்டு மணி. இரண்டு மணி கேட்டால் கையில் இருக்கும் வாக்கியத்தை முடித்துவிட்டு உட்கார வேண்டும். ஏழரை நிமிடம் ஆனால் தொடர்ந்து அடிப்போம், அதற்கு மேல் சொல்வதை நடுவர் எழுதிக்கொள்ள மாட்டார். ரிப்ளைக்கு 3 நிமிடத்தில் ஒரு மணி, 4 நிமிடத்தில் இரண்டு மணி.

முதல் மணிக்கும் ஆறாவது நிமிட மணிக்கும் இடையில்தான் எதிராளிகள் எழுந்து கேள்வி கேட்கலாம். அதனால் அந்த இரண்டு மணிகளும் பேசுகிறவருக்கு மட்டுமானவை அல்ல, எதிரில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேரும் அவற்றைக் கேட்டாக வேண்டும். இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. சாலைப் பக்கம் ஜன்னல் உள்ள அறைகளில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனால் மணி காதில் விழாது. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம். அதனால் நேரம் பார்ப்பவர் மணி அடிக்கும் அதே நொடியில் 1, 6, 7 என்று பெரிதாக எழுதிய அட்டையையும் தூக்கிக் காட்டுவார். பேசும்போது இடையிடையே அவர் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். "மணி கேட்கவில்லை" என்று பிறகு முறையிட்டால் ஏற்க மாட்டோம்.

நேரத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது என்றும் கேட்கிறார்கள். இரண்டாம் பேச்சாளர் என்றால் முதல் இரண்டரை நிமிடம் மறுப்புக்கு, மீதி சொந்த வாதத்துக்கு என்று வைத்துப் பாருங்கள். ஆறாவது நிமிட மணிக்குப் பிறகு புதிதாக ஒரு வாதத்தைத் தொடங்காதீர்கள். ஒரு நிமிடத்தில் அதை நிறுவ முடியாது, அரைகுறையாக விட்டதை எதிராளி பிடித்துக்கொள்வார்.

பி.ஓ.ஐ.ன்னு எழுந்து நிக்கிறாங்களே, அதுக்குக் கண்டிப்பா இடம் கொடுக்கணுமா?

இரண்டு கேள்விக்காவது இடம் கொடுங்கள் என்பேன். கேட்பவர் எழுந்து நிற்பார், நீங்கள் "கேளுங்கள்" என்றால் கேட்கலாம், "வேண்டாம், நன்றி" என்றால் உட்கார வேண்டும். கேள்வி 15 விநாடிக்குள் முடிய வேண்டும். ஏழு நிமிடமும் ஒருவருக்கும் இடம் கொடுக்காமல் பேசினால் நடுவர் அதைப் பயமாகத்தான் எடுத்துக்கொள்வார், மதிப்பெண் குறையும். இடம் கொடுக்க நல்ல நேரம், ஒரு வாதத்தை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகும் இடைவெளி. கேள்வியை வாங்கிக்கொண்டு "அதற்குப் பிறகு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வராமலே போவதைவிட, வாங்காமலே இருந்திருக்கலாம். ரிப்ளையில் கேள்வி கிடையாது.

கவர்மென்ட் சைடு தலைப்பையே தங்களுக்குச் சாதகமா வளைச்சுட்டா?

பொருள் வரையறுக்கும் உரிமை அரசுத் தரப்பின் முதல் பேச்சாளருக்கு. ஆனால் அது நியாயமாக இருக்க வேண்டும். யாரும் மறுக்கவே முடியாத உண்மையாகத் தலைப்பைச் சுருக்கினாலோ, தீர்மானத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடத்துக்கு இழுத்துப் போனாலோ, எதிர்த் தரப்பின் முதல் பேச்சாளர் தன் பேச்சின் தொடக்கத்திலேயே எதிர்த்துச் சொல்லலாம். அப்போது விட்டுவிட்டால் இரண்டாம் பேச்சாளர் வந்து எழுப்ப முடியாது. எதிர்ப்பதோடு நிற்காமல், சரியான பொருள் இது என்றும் சொல்லி, "அவர்கள் பொருளையே எடுத்துக்கொண்டாலும் அவர்கள் சொல்வது நிற்காது" என்றும் பேச வேண்டும். எனக்குத் தெரிந்து பெரும்பாலான நேரம் இந்தச் சண்டையே தேவைப்படாது. கொஞ்சம் குறுகலான பொருள் என்றால் ஏற்றுக்கொண்டு பேசுங்கள், விவாதம் உருப்படும்.

நாங்கதான் நல்லா பேசினோம், கைதட்டலும் எங்களுக்குத்தான். எப்படித் தோத்தோம்?

ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் வரும் கேள்வி இது. ஒரு சுற்று எப்படிப் போகும் என்று அடிமுதல் நுனிவரை பார்த்தால் புரியும். தீர்மானம்: "எண்ணூர், மணலி வட்டாரத்தில் புதிய சிவப்பு வகைத் தொழிற்சாலைகளுக்கு இந்த அவை அனுமதி மறுக்கும்." மாசு கட்டுப்பாட்டு வாரியம் அதிக மாசு தரும் தொழில்களைத்தான் சிவப்பு வகையில் வைக்கிறது.

அரசுத் தரப்பின் முதல் பேச்சாளர் சொல்கிறார்: இருக்கும் ஆலைகள் ஓடட்டும், புதியது வேண்டாம். காரணம், அனுமதி ஒவ்வொரு ஆலைக்கும் தனித்தனியாகக் கொடுக்கப்படுகிறது, தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் வரம்புக்குள் இருக்கும், ஆனால் அங்கே வசிப்பவர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சுவாசிக்கிறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதையும், அதே மாதம் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்ததையும் சொல்கிறார். நல்ல தொடக்கம்.

எதிர்த் தரப்பின் முதல் பேச்சாளர் இரண்டு வைக்கிறார். ஒன்று வேலைவாய்ப்பு. இரண்டாவது இது: "பழைய ஆலையை இடித்துவிட்டு அதே இடத்தில் சுத்தமான இயந்திரங்களோடு புதியது கட்டவும் உங்கள் தடை விடாது. அப்படியானால் பழையது அப்படியே இன்னும் பல வருஷம் ஓடும். காற்று எப்படிச் சுத்தமாகும்?"

அரசுத் தரப்பின் இரண்டாம் பேச்சாளர் எழுகிறார். முதல் நான்கு நிமிடம் காட்டுக்குப்பம் மீனவர்களைப் பற்றி. வலையெல்லாம் எண்ணெய் ஒட்டியது, பிடித்த மீனை வாங்க ஆளில்லாமல் போனது என்று சொல்லச் சொல்ல அறையில் சத்தமே இல்லை. வேலைவாய்ப்புக்கும் சரியான பதில்: உள்ளூர் ஆட்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒப்பந்த வேலை என்கிறார். முடித்ததும் பலத்த கைதட்டல். ஆனால் பழைய ஆலை பற்றிய கேள்வியை அவர் தொடவே இல்லை. எதிர்த் தரப்பின் இரண்டாமவர் எழுந்து முதல் வாக்கியத்திலேயே அதைச் சுட்டிக்காட்டுகிறார்.

அரசுத் தரப்பின் மூன்றாமவர், "அதற்கு எங்கள் இரண்டாம் பேச்சாளர் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார்" என்று கடந்து போகிறார். நடுவர் குறிப்பில் பார்க்கிறார், அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. எதிர்த் தரப்பின் மூன்றாமவர் மீனவர்களின் பாதிப்பை மறுக்கவில்லை. "அவர்கள் சொன்ன துன்பம் அத்தனையும் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் துன்பத்தைத் தருவது இப்போது ஓடும் ஆலைகள். இந்தத் தடை அவற்றை ஒன்றும் செய்யாது" என்கிறார். சுற்றின் மிக முக்கியமான வாக்கியம் இதுதான், இதற்குக் கைதட்டல் வரவில்லை.

கடைசி ரிப்ளையில் அரசுத் தரப்பு, "பழைய ஆலைகளை மூடவும் காலக்கெடு வைப்போம்" என்கிறது. அருமையான பதில். ஆனால் அது புதிய விஷயம், எதிர்த் தரப்பு எழுந்து பதில் சொல்ல இனி வாய்ப்பே இல்லாத இடத்தில் வந்தது. ஆகவே கணக்கில் சேராது. அதே வாக்கியத்தை இரண்டாம் பேச்சாளர் சொல்லியிருந்தால் முடிவு மாறியிருக்கலாம்.

தீர்ப்பு எதிர்த் தரப்புக்கு. மீனவர்கள் பற்றிய பேச்சு உண்மையானது, தேவையானது. பாதிப்பு எவ்வளவு பெரியது என்று அது நிறுவியது. தடை வந்தால் அந்தப் பாதிப்பு எப்படிக் குறையும் என்ற படி மட்டும் விடுபட்டது.

மார்க் எப்படிப் போடுவீங்க?

ஒருவருக்கு 100. கருத்துக்கு 40, பேசும் விதத்துக்கு 40, உத்திக்கு 20. கருத்து என்பது வாதமும் அதற்கான காரண விளக்கமும் உதாரணமும். விதம் என்பது குரல், தெளிவு, கேட்பவரை உட்கார வைப்பது. உத்தி என்பது எதற்கு எவ்வளவு நேரம் கொடுத்தார், எதிராளியின் எந்த வாதத்தைத் தேர்ந்து அடித்தார், தன் அணியின் மற்றவர்களோடு ஒத்துப்போனாரா என்பது. சராசரிப் பேச்சு 75. நடுவர்கள் பொதுவாக 70க்கும் 80க்கும் இடையிலேயே நிற்பார்கள். அதனால் 77 வாங்கினால் வருத்தப்படாதீர்கள், அது நல்ல மதிப்பெண். ரிப்ளைக்கு இதில் பாதி, சராசரி 37.5.

மேலே சொன்ன சுற்றில் அரசுத் தரப்புக்கு 76, 75, 74, ரிப்ளைக்கு 37.5 என்று வைத்தால் மொத்தம் 262.5. எதிர்த் தரப்புக்கு 75, 77, 76, ரிப்ளைக்கு 38, மொத்தம் 266. வித்தியாசம் 3.5. அரசுத் தரப்பின் இரண்டாமவர் பேசும் விதத்தில் நிறைய வாங்கியிருப்பார், உத்தியில் இழந்திருப்பார், கூட்டினால் 75 வரும். நடுவர் முதலில் யார் வென்றார்கள் என்று முடிவு செய்துவிட்டுத்தான் மதிப்பெண் போட வேண்டும். குறைந்த மொத்தம் வாங்கிய அணி வென்றதாக எழுத முடியாது, அப்படி வந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

நடுவர் இந்த ஏரியாக்காரரா இருந்தா? எண்ணூர் பத்தி அவருக்கே எல்லாம் தெரியுமே.

தெரிந்திருக்கும். எர்ணாவூரில் வீடு இருக்கும் நடுவருக்கு ராத்திரியில் எந்தக் காற்று அடித்தால் என்ன வாசனை வரும் என்றுகூடத் தெரியும். ஆனால் நீங்கள் சொல்லாததை உங்களுக்காக அவர் சேர்க்க முடியாது, எதிராளி விட்ட ஓட்டையை அவரே அடைக்கவும் முடியாது. செய்தித்தாள் படிக்கும், பக்கம் சாயாத ஒரு சாதாரண ஆளாகத் தன்னை வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும். சிவப்பு வகை என்றால் என்ன என்று நீங்கள் விளக்காவிட்டால் அது விளங்காததாகவே கணக்கு. அப்பட்டமான பொய்த் தகவல் சொன்னால் எதிராளி மறுக்காவிட்டாலும் அதை நடுவர் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். பாதிப் பொய் என்றால் மறுக்க வேண்டியது எதிராளியின் பொறுப்பு.

உள்ளூர் அணிகள் இதில் ஏமாந்துவிடுகின்றன. தங்களுக்குத் தினமும் கண்ணில் படும் விஷயம் என்பதால் காரணம் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். "கொசஸ்தலை ஆறு என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்" என்று சொல்லி நிறுத்தினால் குறிப்பில் எழுத ஒன்றும் இல்லை. சாம்பல் எங்கிருந்து வந்து ஆற்றில் எங்கே படிந்தது, அதனால் இறால் பிடிப்பவருக்கு என்ன ஆனது என்று மூன்று வாக்கியம் சொல்லுங்கள்.

எங்க பேச்சு வழக்குலயே பேசினா மார்க் குறையுமா?

குறையாது. வண்ணாரப்பேட்டை, காசிமேடு பேச்சில் வாதம் தெளிவாக இருந்தால் விதத்துக்கான 40இல் கை வைக்க எந்த நடுவருக்கும் அனுமதி இல்லை. செந்தமிழில் பேச முயன்று பாதியில் தடுமாறுவதைவிட வீட்டில் பேசும் தமிழில் தெளிவாகப் பேசுவது எவ்வளவோ மேல். இதை நடுவர் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் சொல்கிறோம். எதிராளியின் பேச்சு வழக்கைக் கிண்டல் செய்தால் மட்டும் மதிப்பெண் போகும். தெரியாத ஆங்கிலச் சொல் வந்தால் அப்படியே சொல்லுங்கள், தவறில்லை.

ரெண்டுக்கு ஒண்ணுன்னு தீர்ப்பு வந்துச்சு. நடுவர்கள் பேசி முடிவு பண்ண மாட்டாங்களா?

இந்த முறையில் மாட்டார்கள். மூன்று பேரும் தனித்தனியாகத் தாளை நிரப்பிக் கொடுத்த பிறகுதான் ஒருவரோடு ஒருவர் பேசலாம். பெரும்பான்மை எதுவோ அது தீர்ப்பு. அதன் பிறகு தலைமை நடுவர் எந்த மோதலில் யார் முந்தினார்கள் என்று அறையிலேயே விளக்குவார். அவரே சிறுபான்மையில் இருந்தால் வென்ற பக்கம் வாக்களித்தவர் விளக்குவார். நீங்கள் காரணம் கேட்கலாம். "பழைய ஆலை வாதத்தை எப்படி எடைபோட்டீர்கள்?" என்பது நல்ல கேள்வி. "நாங்கள் ஏன் ஜெயிக்கவில்லை?" என்று கேட்டால் அவரால் பயனுள்ள பதில் சொல்ல முடியாது. தீர்ப்பு மாறாது.

எத்தனை ரவுண்டு? யாரோட யார் மோதணும்?

முதல் நாள் நான்கு சுற்று, எல்லா அணிகளும் நான்கிலும் பேசும், இடையில் யாரும் வெளியேற மாட்டார்கள். முதல் சுற்று குலுக்கல். அடுத்ததிலிருந்து வென்றவர் வென்றவரோடு, தோற்றவர் தோற்றவரோடு. ஒரே கல்லூரியின் இரண்டு அணிகளை முடிந்தவரை மோதவிட மாட்டோம், நடுவரும் உங்கள் கல்லூரிக்காரராக இருக்க மாட்டார். இரண்டாம் நாள் அரையிறுதிக்கு நான்கு அணிகள். வெற்றி எண்ணிக்கை சமம் என்றால் பேச்சாளர்களின் மொத்த மதிப்பெண் பார்ப்போம். அதனால் தோற்கும் சுற்றிலும் கடைசிப் பேச்சுவரை அரை மதிப்பெண்கூட முக்கியம்.

அணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வந்தால் எங்கள் மாணவர்கள் மூன்று பேர் எண்ணிக்கையைச் சமன் செய்ய ஒரு அணியாக இறங்குவார்கள். அவர்களோடு மோதி வென்றாலும் அது வெற்றிதான், ஆனால் அவர்கள் அரையிறுதிக்கு வர மாட்டார்கள். கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் ரயில் தாமதமாகி ஒரு அணி வர நேரமானால் 15 நிமிடம் காத்திருப்போம், அதற்குள் போன் செய்து சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் போனால் அந்தச் சுற்றுக்கு அந்த மூன்று பேர் அணியே அவர்களுக்குப் பதிலாகப் பேசும்.